பல கிளையன்ட்களோடு வேலை செய்த ஃப்ரீலான்சர், நீண்டகால ரிமோட் கான்ட்ராக்ட்டுக்குக் கவர் லெட்டர் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடம் நானே ஃப்ரீலான்சராக இருந்தேன். கடந்த மூன்று வருடமாக மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஒரு ரிமோட் குழுவுக்கு கான்ட்ராக்ட் ஆட்களைத் தேர்ந்தெடுக்க விண்ணப்பங்களைப் படிக்கிறேன். இந்த வகைக் கடிதத்தைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

ரெஸ்யூமே இருக்கிறது, போர்ட்ஃபோலியோ இருக்கிறது. கவர் லெட்டரை யாராவது படிக்கிறார்களா?

எல்லாரும் படிப்பதில்லை. ஆனால் ஃப்ரீலான்சரின் ரெஸ்யூமேயைத் திறந்ததும் எனக்கு ஒரு குழப்பம் வரும். ஆறு வருடத்தில் பதினொரு பெயர்கள், சில இரண்டு மாதம், சில ஒன்றரை வருடம், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் தேதிகள். இதில் எது முக்கிய வேலை, எது கைச்செலவுக்குச் செய்தது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் கடிதத்தைத் தேடிப் போகிறேன். நிரந்தர வேலையில் இருந்தவருக்குக் கடிதம் இல்லாவிட்டாலும் ஓடிவிடும், உங்களுக்கு ஓடாது.

என் கிளையன்ட்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். எல்லாரையும் ஒரே கடிதத்தில் எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவர வேண்டாம். மூன்று பேர் போதும். எந்த மூன்று பேர் என்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு தோழிக்கு உதவியபோது நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் மென்பொருளுக்கு உதவிப் பக்கங்களும் வழிமுறைகளும் எழுதுபவர். கிளையன்ட்கள் மொத்தம் பதினொன்று. கணக்கு மென்பொருள், கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் செயலி, கிடங்குச் சரக்கு மென்பொருள், ஆன்லைன் வகுப்பு நிறுவனம், அருங்காட்சியக ஆடியோ உரை, பயண முன்பதிவுத் தளம், கேம் ஸ்டூடியோ என்று போகிறது பட்டியல். அவர் குறிவைத்தது, சம்பளப் பட்டுவாடா மென்பொருள் செய்யும் ஒரு ரிமோட் நிறுவனத்தில் உதவிப் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. பன்னிரண்டு மாத கான்ட்ராக்ட், வாரம் 30 மணி நேரம்.

அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “மருத்துவம், கல்வி, பயணம், விளையாட்டு, நிதி எனப் பல துறைகளில் ஆறு வருட அனுபவம் கொண்ட எழுத்தாளர் நான். எந்தத் துறையையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன்.” ஒரு பொய்யும் இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் காதில் “எதிலும் ஆழமாக இறங்கியதில்லை” என்றுதான் விழும். துறைகளை அடுக்க அடுக்க அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போகும்.

சரி, துறையை விட்டுவிடுவோம், இந்தப் புது வேலையில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று யோசிப்போம் என்றேன். சம்பள மென்பொருளின் உதவிப் பக்கத்தில் ஒரு படி தப்பாக இருந்தால் யாரோ ஒருவருக்கு அந்த மாதச் சம்பளம் குறைந்து வரும். பிறகு பட்டியலைத் திரும்பப் பார்த்தோம். இதே மாதிரி, ஒரு படி தவறினால் ஒரு மனிதருக்கு நேரடியாகச் சிக்கல் வரும் வேலை எவை? கணக்கு மென்பொருளில் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பது. கிளினிக்கில் நோயாளியின் நேரத்தை மாற்றிப் பதிவது. கிடங்கில் இருப்பைத் திருத்துவது. மூன்றும் வேறு வேறு துறை. செய்த காரியம் ஒன்றுதான். தொழில்நுட்பம் தெரியாத, அவசரத்தில் இருக்கும் ஒருவர் தப்பு செய்யாமல் முடிக்கும்படி படிகளை எழுதுவது. அதுதான் கடிதம் முழுவதையும் கோக்கும் நூல். மற்ற எட்டு பேரும் ரெஸ்யூமேயிலேயே இருக்கட்டும்.

நீங்கள் டிசைனராக, டெவலப்பராக, கணக்காளராக இருந்தாலும் வழி இதுதான். விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கும் பணிகளில் எது சொதப்பினால் அதிகம் வலிக்கும் என்று பாருங்கள். அதே வலியை இதற்கு முன் யாருக்காகத் தீர்த்தீர்கள் என்று தேடுங்கள். துறை பொருந்துகிற கிளையன்டைவிட, சிக்கல் பொருந்துகிற கிளையன்ட் மேல். பெரிய பெயர் என்பதற்காக ஒருவரை உள்ளே இழுக்காதீர்கள். தோழியின் பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அந்தக் கேம் ஸ்டூடியோதான். அதை விட மனமே வரவில்லை அவருக்கு. விட்டபிறகுதான் கடிதம் நேராக நின்றது.

“ஃப்ரீலான்சர்தானே, மூன்று மாதத்தில் போய்விடுவார்” என்று நினைத்துவிட்டால்?

நிச்சயம் நினைப்பார்கள். நானும் நினைக்கிறேன். புது ஆளுக்கு அணுகல் கொடுத்து, பழக்கி, வேலை சீராக ஓட எப்படியும் சில வாரங்கள் போய்விடும்; அதற்குப்பின் அவர் கிளம்பினால் அத்தனையும் வீண். “நீண்டகால உறவையே நான் விரும்புகிறேன்” என்ற வாக்கியம் இந்தச் சந்தேகத்துக்குப் பதிலே ஆகாது. எல்லாரும் அதை எழுதுகிறார்கள்.

பதில் உங்கள் பழைய இன்வாய்ஸ்களில் இருக்கிறது. ஒரு தாளில் ஒவ்வொரு கிளையன்டுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: முதல் இன்வாய்ஸ் எந்த மாதம், கடைசி எந்த மாதம், நடுவில் நின்றுபோய் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்களா. தோழி இதைச் செய்ய ஒரு மாலை ஆனது. பதினொன்றில் நான்கு பேர் இரண்டாவது முறை கூப்பிட்டிருக்கிறார்கள். கணக்கு மென்பொருள்காரர்களோடு விடாமல் 26 மாதம். இது அவருக்கே புதுச் செய்தி. தன்னை “சின்னச் சின்ன வேலை செய்பவர்” என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு எண்ணும் கடிதத்தில் வர வேண்டும், அலங்காரமில்லாமல். உங்களிடம் நீளமான கிளையன்ட் யாரும் இல்லையென்றால், திரும்பக் கூப்பிட்டவர்களைச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், முடிவு தேதி முன்பே குறிக்கப்பட்டிருந்த வேலைகளை அப்படியே சொல்லுங்கள்: “நான்கு மாதத்துக்கு ஒப்புக்கொண்டு நான்கு மாதமும் முடித்துக் கொடுத்தது.” பாதியில் விட்டதும் திட்டம் முடிந்ததும் ரெஸ்யூமேயில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஃப்ரீலான்ஸை விட்டுவிட்டு ஏன் ஒரே இடத்துக்கு வருகிறேன் என்று காரணம் சொல்ல வேண்டுமா?

ஒரு வாக்கியம் சொல்லலாம், அது வேலையைச் சார்ந்ததாக இருந்தால். கிளையன்ட் தேடி அலுத்துவிட்டது, மாத வருமானம் நிலையாக இல்லை என்பவை உண்மையான காரணங்களாக இருக்கலாம். ஆனால் படிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, நல்ல வேலை வந்தால் இவர் மாறிவிடுவார் என்பதைத்தான்.

குறுகிய வேலைகளில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று யோசித்தால் நல்ல காரணம் கிடைக்கும். தோழிக்கு அது இப்படி இருந்தது: பக்கங்களை எழுதிக் கொடுத்ததும் வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கத்தைப் படித்தும் புரியாமல் ஆட்கள் சப்போர்ட்டுக்கு எழுதினார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத் திருத்தும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பன்னிரண்டு மாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது.

இப்போதும் ஒன்றிரண்டு கிளையன்ட்கள் இருக்கிறார்கள். சொல்வதா, மறைப்பதா?

சொல்லிவிடுங்கள், மணிக்கணக்கோடு. “ஒரு பழைய கிளையன்டுக்கு வாரம் 6 மணி நேரம், உங்கள் வேலை நேரத்துக்கு வெளியே” என்று எழுதினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மறைத்து, மூன்றாவது மாதம் ஒரு கூட்டத்தில் நழுவி வெளியே வந்தால் முடியாது. அவர்களோடு போட்டி போடும் நிறுவனம் உங்கள் கிளையன்ட் என்றால் மட்டும், விண்ணப்பிக்கும் முன்பே அந்தக் கிளையன்டோடு போட்ட ஒப்பந்தத்தில் போட்டித் தடை பற்றி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் இங்கே இன்னொரு தப்பைச் செய்கிறார்கள். “எல்லாரையும் விட்டுவிட்டு உங்களுக்கு மட்டுமே, நீங்கள் சொல்லும் நேரமெல்லாம் வேலை செய்வேன்” என்று ஆர்வத்தில் எழுதிவிடுகிறார்கள். நிரந்தர வேலைக்கு அது நன்றாக இருக்கலாம். கான்ட்ராக்ட் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அது தலைவலி. பல நாடுகளில், பெயரளவில் கான்ட்ராக்டராக இருந்து உண்மையில் ஊழியரைப் போல நடத்தப்படுபவரை ஊழியராகவே கருதும் சட்டங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் 2000-லிருந்து இருக்கும் ஐஆர்35 விதிகள் வரிக்காக இதைத்தான் பார்க்கின்றன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏபி5 சட்டமும் இதே கேள்வியைக் கேட்கிறது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள், சொந்தமாகத் தொழில் நடத்துகிறாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். உங்களுக்கு வேறு கிளையன்ட் இருப்பது அவர்களுக்கு ஒருவகையில் நிம்மதிதான். ஆகவே கடிதத்தில் உங்கள் நேரத்தை நீங்கள் அறிவியுங்கள், ஒப்படைக்காதீர்கள்: வாரம் எத்தனை மணி, எந்த நேரம் குழுவோடு சேர்ந்து இருப்பேன், எப்போது தொடங்குவேன்.

ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பெயர் சொல்ல முடியாத கிளையன்டைப் பற்றி எப்படி எழுதுவது?

வகை, அளவு, நீங்கள் செய்த காரியம் மூன்றையும் சொல்லுங்கள். பெயரையும் உள்விவரத்தையும் விடுங்கள். “ஒரு ஏஜென்சி வழியாக, வங்கி ஒன்றின் கைபேசிச் செயலிக்கான உதவிப் பக்கங்கள். பெயரைச் சொல்ல அனுமதி இல்லை.” இவ்வளவு போதும். வகையே ஆளைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்குச் சின்ன துறை என்றால் இன்னும் பொதுவாகச் சொல்லுங்கள்.

சொன்னால் நம்புங்கள், ஒருமுறை மிக நல்ல விண்ணப்பம் ஒன்றை இதனால்தான் ஒதுக்கினோம். தன் பழைய கிளையன்டின் வெளிவராத ஒரு வசதியைப் பற்றி, பெயரோடு, ஸ்கிரீன்ஷாட்டும் ஒட்டி அனுப்பியிருந்தார். நாளைக்கு எங்களுடையதும் இப்படித்தான் போகும்.

ரிமோட்டில் வேலை செய்வேன் என்பதை எப்படி நிரூபிப்பது?

“ஆறு வருடமாக ரிமோட்டில்தான் இருக்கிறேன்” என்பது ஃப்ரீலான்சர் எல்லாருக்கும் பொருந்தும், அதனால் எடை குறைவு. தனியாக வீட்டிலிருந்து வேலை செய்வது வேறு, வெவ்வேறு நேரத்தில் விழித்திருக்கும் எட்டுப் பேரோடு எழுத்தின் மூலமாகவே ஒரு வேலையை நகர்த்துவது வேறு. இரண்டாவதைச் செய்திருந்தால் அதற்கு ஒரு காட்சியைக் காட்டுங்கள். தோழி கிடங்கு மென்பொருளுக்கு வேலை செய்தபோது நாள் முடிவில் மூன்று வரி எழுதி வைத்துவிட்டுப் போவார்: இன்று முடிந்தது, நாளை செய்யப்போவது, எதற்காக, யார் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அதைப் பார்த்து அந்தக் குழுவின் டெவலப்பர்களும் அப்படியே எழுத ஆரம்பித்தார்களாம். கடிதத்தில் அது ஒரே வாக்கியம்தான்.

மற்றபடி, கடிதமே சான்று. அதைப் படித்துவிட்டு நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்க வேண்டியிருந்தால், வேலையிலும் அப்படித்தான் இருக்கும்.

நேரத்தை எழுதும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் ஊர் நேரத்தை மட்டும் எழுதி, மாற்றிப் பார்க்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். யூடிசியில் எழுதுங்கள், அல்லது அவர்கள் நேரத்தில். அவர்கள் இருக்கும் இடத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் இருந்தால், யூடிசியில் நிற்கும் உங்கள் நேரம் வருடத்தில் பாதி நாள் அவர்களுக்கு ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அப்போது நீங்கள் நகர்வீர்களா என்பதையும் சொல்லிவிடலாம்.

கடைசியில் அந்தக் கடிதம் எப்படி இருந்தது? முழுசாகக் காட்ட முடியுமா?

அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> வணக்கம்,
>
> உங்கள் உதவி மையத்தில், மாத நடுவில் சேர்ந்த ஊழியருக்குச் சம்பளம் போடும் பக்கத்தைப் படிப்படியாகப் பின்பற்றிப் பார்த்தேன். சேர்ந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்வது ஐந்தாம் படியில் வருகிறது. ஆனால் இரண்டாம் படியில் சேமித்ததுமே அந்தத் தேதியை மாற்ற முடியாமல் போகிறது. புதிதாக வருபவர் இங்கே ஒருமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. உங்கள் பன்னிரண்டு மாத கான்ட்ராக்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> ஒரு படி தவறினால் ஒருவருக்கு நேரடியாக நஷ்டம் வரும் மென்பொருள்களுக்கே நான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஒரு கணக்கு மென்பொருளுக்கு மாதக் கடைசி வழிமுறைகளை முழுவதும் திருத்தி எழுதினேன். சப்போர்ட் குழுவினர் தனியாகப் பதில் எழுதுவதை விட்டு அந்தப் பக்கத்தின் இணைப்பையே அனுப்பத் தொடங்கினார்கள். கிளினிக் செயலி ஒன்றில் வரவேற்பு மேஜைப் பணியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு எழுதினேன். கிடங்கு மென்பொருள் வேலையில் மூன்று நேர மண்டலங்களில் இருந்த குழுவோடு, தினமும் எழுதி வைக்கும் சிறு குறிப்பின் மூலமே எல்லாம் நடந்தது.
>
> என் பதினொரு கிளையன்ட்களில் நான்கு பேர் மீண்டும் அழைத்தவர்கள். மிக நீண்டது 26 மாதம். குறுகிய வேலைகளில், எழுதிய பக்கம் ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று பார்க்க வாய்ப்பில்லை. உங்கள் வேலையில் அது இருப்பதால்தான் எழுதுகிறேன்.
>
> வாரம் 30 மணி நேரம் தர முடியும். தினமும் 13:00 முதல் 17:00 யூடிசி வரை உங்கள் சப்போர்ட் குழுவோடு இருப்பேன். ஒரு பழைய கிளையன்டுக்கு வாரம் 6 மணி நேரம், அந்த நேரத்துக்கு வெளியே, தொடரும். ஒப்பந்தம் ஆன மூன்று வாரத்தில் தொடங்கலாம்.
>
> மூன்று மாதிரிகளின் இணைப்பு கீழே. முதலாவது உங்கள் வேலைக்கு மிக நெருக்கமானது.

முதல் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுவில் கிடைப்பதைச் சோதித்துப் பார்த்து ஒரே ஒரு குறை சொல்வது நன்றாக வேலை செய்யும், அது உண்மையான குறையாக இருந்தால். தோழி சோதனைக் கணக்கு திறந்து இரண்டு முறை செய்து பார்த்தபிறகுதான் எழுதினார். பார்க்காமல் சொன்னால், நாம் பார்க்காமல் சொன்னோம் என்பது அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐந்து குறை அடுக்கினால் தேர்வுத்தாள் திருத்துவது போல ஆகிவிடும்.

ரேட்டைக் கடிதத்திலேயே சொல்லலாமா?

கேட்டிருந்தால் சொல்லுங்கள், மணிக்கா மாதத்துக்கா என்ற அலகோடு. கேட்கவில்லையென்றால் பேச்சுக்கு விட்டுவிடுங்கள். குறுகிய வேலைக்கு வாங்கும் மணி ரேட்டை அப்படியே கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. அதில் கிளையன்ட் தேடும் நேரமும் சும்மா இருக்கும் வாரங்களும் சேர்ந்திருக்கும். ஆனால் விடுமுறையும் வரியும் காப்பீடும் இங்கேயும் உங்கள் செலவுதான், அதனால் நிரந்தர ஊழியரின் சம்பளத்தை மணியால் வகுத்தும் பார்க்காதீர்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒட்டினால் தடித்த எழுத்தும் அட்டவணையும் காணாமல் போகும், வரிகள் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெறும் எழுத்து மட்டும் காட்டும் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நன்றாகத் தெரிந்தால் படிவத்திலும் தெரியும்.

அப்புறம் இணைப்புகள். இதில் விழுந்தவர்கள் ஏராளம், நானும் விழுந்திருக்கிறேன். உங்கள் உலாவியில் மாதிரி ஜோராகத் திறக்கும், ஏனென்றால் நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள். அவர் திறந்தால் `You need access` என்று வரும். நாற்பது விண்ணப்பம் படிக்கும் நாளில் யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு இணைப்பையும் தனிப்பட்ட சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய கிளையன்டின் தளத்தில் இருக்கும் மாதிரி என்றால் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்தை மாற்றிவிட்டால் உங்கள் வேலையும் சேர்ந்து போய்விடும். தோழியின் மூன்று மாதிரிகளில் ஒன்று அப்படித்தான் போயிருந்தது. அனுப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் பார்த்தோம்.

பதில் வரவில்லை. திரும்ப எழுதலாமா?

ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒருமுறை எழுதலாம், முதலில் அனுப்பிய மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே, இரண்டே வரியில். சும்மா “பார்த்தீர்களா” என்று கேட்பதைவிட, மாறிய தகவல் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள்: தொடங்கும் தேதி முன்னால் வந்திருக்கிறது, ஒரு வேலை முடிந்து நேரம் கூடியிருக்கிறது. தோழிக்கு எழுத வேண்டியே வரவில்லை. நான்காம் நாள் அவர்களே எழுதினார்கள். அந்த 26 மாத கிளையன்டிடம் பேசலாமா என்று கேட்டு ஒரே ஒரு வரி. பேசுவதற்கு அந்தக் கிளையன்டிடம் முன்பே சம்மதம் கேட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது; அன்று மாலையே அவசரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.